அழைப்பிதழில் உண்டு, அறிக்கையில் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மேற்குத் தமிழகத்தில் ஒரு நூற்பாலையின் ஆண்டுத் தணிக்கையில் ஈடுபட்டிருந்தேன். ஏறத்தாழ 40,000 ஸ்பிண்டில்கள் ஓடும் ஆலை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறிய நிறுவனம். எங்கள் குழுவில் இருந்த பயிற்சி மாணவி ஒருநாள் மதிய உணவு முடிந்து வந்தவர், கணக்காளரின் மேசையில் கிடந்த திருமண அழைப்பிதழை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாக இயக்குநரின் மகளுக்குத் திருமணம். நம் ஊர் அழைப்பிதழ்களின் இயல்பு வாசகர்களுக்குத் தெரியும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று உறவுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் அவர் நடத்தும் கடையோ ஆலையோ குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த அழைப்பிதழில் தாய்மாமனின் பெயருக்குக் கீழ் அச்சாகியிருந்த வணிகப் பெயரை அந்த மாணவி அன்று காலையில்தான் வேறோர் இடத்தில் பார்த்திருந்தார். ஆலைக்குப் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலில் அது இருந்தது.

அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டிய மற்றோர் இடத்தில் அது இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் நிதிநிலை அறிக்கையின் பின்னிணைப்பில், தன்னோடு தொடர்புடைய தரப்பினர் யார், அவர்களோடு ஓராண்டில் எவ்வளவு கொடுக்கல் வாங்கல் நடந்தது, ஆண்டு முடிவில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்பதை ஒரு குறிப்பாக வெளியிட வேண்டும். ஆலை எங்களிடம் தந்த வரைவுக் குறிப்பில் ஆறு பெயர்கள் இருந்தன. தாய்மாமன் அவர்களில் ஒருவர் அல்லர்.

உறவினரோடு வணிகம் செய்வது குற்றமன்று. சொந்தக்காரரிடம் பஞ்சு வாங்குவதையோ, சகோதர நிறுவனத்துக்கு நூல் விற்பதையோ சட்டம் தடுப்பதில்லை. சிறு நகரத்துத் தொழில்கள் பலவும் அப்படித்தான் வளர்ந்தன. ஆனால் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பணம் அதை நடத்துபவருக்கு மட்டும் உரியதன்று. நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு கிலோ சரக்கை எட்டு ரூபாய் குறைத்து மைத்துனருக்கு விற்றால், அந்த எட்டு ரூபாய் ஒரு குடும்பத்துக்குள் போகிறது. அதில் ஒரு பகுதி அந்த ஆசிரியரிடமிருந்து போகிறது. உறவை வெளியிடச் சொல்வது, அவர் அதைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 'உறவினர்' என்ற சொல்லுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள், தந்தை, தாய், மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரன், சகோதரி ஆகியோரோடு அது முடிந்துவிடுகிறது. மனைவியின் சகோதரர் அதில் இல்லை. மாமனார் இல்லை. சம்பந்தி இல்லை. சகோதரியின் கணவரும் இல்லை. தாய்மாமன் வராமல் நம் வீடுகளில் காதுகுத்துகூட நடக்காது. ஆனால், ஒரு நிர்வாக இயக்குநரின் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக இருப்பவர், சட்டத்தின் கண்ணில் அந்த இயக்குநருக்கு அந்நியர். அந்த இயக்குநரின் மனைவியும் இயக்குநர் குழுவில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும்; அப்போது அவர் ஓர் இயக்குநரின் சகோதரர் ஆகிவிடுவார். அந்த ஆலையில் அந்த அம்மையார் குழுவில் இல்லை.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய இந்தியக் கணக்கியல் தரநிலை 24 இதைவிட விரிந்த பார்வை கொண்டது. நிறுவனத்தோடு நடக்கும் பரிவர்த்தனைகளில் ஒருவரைத் தம் செல்வாக்குக்கு உட்படுத்தக்கூடிய, அல்லது அவருடைய செல்வாக்குக்கு உட்படக்கூடிய குடும்பத்தினர் அனைவரும் நெருங்கிய உறவினரே என்கிறது அது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று சிலரை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அந்த வரிசை அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. அதாவது, உறவின் பெயரைப் பார்க்காமல் உறவின் நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. தணிக்கையாளரின் வேலை தொடங்குவதும் அங்கேதான்.

பொதுவாக நாங்கள் செய்யும் முதல் வேலை மிக எளிது. தொடர்புடைய தரப்பினர் பட்டியலை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குகிறோம். ஒவ்வோர் இயக்குநரும் தமக்கு எந்தெந்த நிறுவனங்களில் அக்கறை உண்டு என்று நிதியாண்டின் முதல் கூட்டத்தில் எழுதித்தரும் அறிவிப்புகளைப் படிக்கிறோம். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதே இயக்குநர் வேறு எங்கெல்லாம் இயக்குநராக இருக்கிறார் என்று பார்த்து ஒப்பிடுகிறோம். இவையெல்லாம் அவசியமே. ஆனால் மறந்துபோனவற்றைத்தான் இவை காட்டிக்கொடுக்கும். மறைக்க நினைத்தவற்றைக் காட்டிக்கொடுக்கா. மறைக்க விரும்புபவர் பட்டியலில் எழுதமாட்டார், தாமே இயக்குநராகவும் பெயர் கொடுக்கமாட்டார். ஆகவே பெயரிலிருந்து பரிவர்த்தனைக்குப் போகும் வழி பாதிதான். பரிவர்த்தனையிலிருந்து பெயருக்குப் போகும் வழி மறுபாதி. ஓர் அந்நியரிடம் யாரும் இப்படி நடந்துகொள்ள மாட்டார்களே என்று தோன்றும் இடத்தில் நின்று, அப்படியானால் இவர் யார் என்று கேட்பதே அது.

ஆலையின் கதையில் அந்த இடம் கழிவுப் பஞ்சு. நூற்பாலையில் பஞ்சைச் சீவும்போது குட்டை இழைகள் பிரிந்து விழும். கோம்பர் வேஸ்ட் என்பார்கள். அதற்கு நல்ல விலை உண்டு. கரூர், ஈரோடு பக்கம் போர்வையும் துண்டும் நெய்யப் பயன்படும் மட்டமான நூலுக்கு அதுவும் ஒரு மூலப்பொருள். அந்த ஆலையில் எல்லா வகைக் கழிவும் சேர்த்து ஆண்டுக்கு 14 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. வாங்குபவர்கள் மூவர். இருவர் பணம் கட்டிய பிறகே லாரி வாசலைத் தாண்டியது; அந்தத் தொழிலில் வழக்கமும் அதுதான். மூன்றாமவர் மட்டும் 9 கோடி ரூபாய்க்கு கோம்பர் கழிவை எடுத்திருந்தார். ஆண்டு முடிவில் 2 கோடியே 40 லட்சம் பாக்கி வைத்திருந்தார். கணக்கிட்டால் ஏறத்தாழ நூறு நாள் கடன்.

அழைப்பிதழைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டிருந்தோம். "பழைய வாடிக்கையாளர், நம்பிக்கையானவர்" என்று பதில் வந்தது. மற்ற இருவரும் பழைய வாடிக்கையாளர்களே. ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி ஒப்பிட்டோம். ஒரே மாதத்தில், ஒரே தரத்துக்கு, மற்றவர்கள் கிலோவுக்கு 104 ரூபாய் கொடுத்திருக்க, இவருக்கு 96 ரூபாய். அவர் எடுத்தது 9 லட்சம் கிலோவுக்குச் சற்று மேல். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய். ஒரு வணிகர் குறைந்த விலைக்கு விற்பார், அல்லது கடனுக்கு விற்பார். குறைந்த விலைக்கு, பிணையும் இல்லாமல், நூறு நாள் கடனுக்கு ஓர் அந்நியருக்கு விற்கும் வணிகரை நான் கண்டதில்லை.

அழைப்பிதழ் தணிக்கைச் சான்று ஆகாது. அதே பெயரில் இன்னொரு கடை இருக்கலாம். அது எழுப்பிய கேள்விக்கு விடை வேறு தாள்களில் இருக்க வேண்டும். நாங்கள் முதலில் எடுத்தது அவருடைய ஜிஎஸ்டி எண்ணை. அந்தப் பதினைந்து இலக்கங்களைப் பெரும்பாலோர் ஒரு நீளமான எண்ணாகவே பார்க்கிறார்கள். தணிக்கையாளருக்கு அது ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்து அவர் யார் என்று சொல்லும்: C என்றால் நிறுவனம், F என்றால் கூட்டு வணிகம், H என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், P என்றால் தனி மனிதர். 'டிரேடர்ஸ்', 'காட்டன்' என்று எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும் அந்த எழுத்து மாறாது. இங்கே P இருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் வணிகப் பெயரோடு சட்டப்பூர்வ உரிமையாளரின் பெயரும் வரும்; யாரும் பார்க்கலாம். வந்த பெயர் அழைப்பிதழில் இருந்த பெயர்.

பெயர் ஒத்துப்போவதும் போதாது. உறுதி கிடைத்தது வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில். தணிக்கையாளர்கள் அந்தக் கடிதத்தில் கடன் தொகையையும் வட்டியையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவது வழக்கம். பின்பக்கத்தில்தான் பிணை விவரம் இருக்கும்: யார் ஜாமீன் போட்டிருக்கிறார்கள், யாருடைய சொத்து அடமானத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆலையின் கடனுக்கு மூன்றாம் தரப்புச் சொத்தாக ஒரு கிடங்கும் அதன் நிலமும் அடமானம் வைக்கப்பட்டிருந்தன. உரிமையாளர், கழிவுப் பஞ்சு வாங்கும் அதே மனிதர். தனக்குச் சரக்கு விற்கும் ஆலையின் வங்கிக் கடனுக்காகத் தன் நிலத்தை எழுதிக்கொடுக்கும் வாடிக்கையாளர் எங்கே இருப்பார்? தரநிலை கேட்ட 'செல்வாக்கு' இரு திசையிலும் ஓடுவதற்கு இதைவிடத் தெளிவான தாள் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படி ஒன்று தெரியவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தணிக்கைத் தரநிலை 550 வரிசையாகச் சொல்கிறது. முதலில் குழுவில் உள்ள அனைவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கொள்முதலைச் சோதிப்பவர் கையிலும் அதே பெயர் வேறு முகத்தோடு போய்க்கொண்டிருக்கலாம். அடுத்து, அந்தத் தரப்போடு நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் தரும்படி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். இந்த உறவு ஏன் பட்டியலில் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். பிறகு அந்த விடையை நம்பி உட்காராமல் நாமே தேட வேண்டும். ஒன்று வெளியே இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம் என்று கொண்டு, தணிக்கையின் மற்றப் பகுதிகளையும் மறுபடி எடைபோட வேண்டும்.

நிர்வாகம் தந்த பதிலில் விற்பனை மட்டுமே இருந்தது. நாங்கள் பேரேட்டில் உள்ள எல்லா வாங்குவோர், விற்போரின் ஜிஎஸ்டி எண்களையும் எடுத்து, நடுவில் உள்ள பத்து இலக்கங்களின்படி அடுக்கினோம். இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு எக்செல் தாளில் பத்து நிமிட வேலை. ஒரே பான் எண் இரண்டு இடங்களில் வந்தது. கழிவுப் பஞ்சு வாங்குபவர் ஒரு பெயரில். மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் கிடங்கு வாடகை பெறுபவர் வேறொரு பெயரில். ஒரே மனிதருக்கு இரண்டு பதிவுகள். வாடகை ஆண்டுக்கு 18 லட்சம். கிடங்கின் சர்வே எண்ணை வங்கிக் கடிதத்தோடு ஒப்பிட்டோம். அடமானத்தில் இருந்த அதே கிடங்கு. நேரில் போய்ப் பார்த்தபோது ஆலையின் பஞ்சு பேல் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆலையிலிருந்து அவர் வாங்கிய கழிவுதான் அடுக்கியிருந்தது. அவருடைய சரக்கை அவருடைய கிடங்கில் வைக்க ஆலை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது.

நிர்வாக இயக்குநர் நேர்மையான மனிதர் என்றே இன்றும் நினைக்கிறேன். தொழில் நொடித்திருந்த ஒரு காலத்தில் மைத்துனர் நிலத்தைக் கொடுத்துக் காப்பாற்றியதற்குக் கைம்மாறாகவே இதையெல்லாம் செய்ததாக அவர் கருதினார். நன்றிக்கடனைத் தம் பையிலிருந்து தீர்க்காமல் பங்குதாரர்களின் பையிலிருந்து தீர்த்துக்கொண்டிருந்தது அவருக்கு உறைக்கவே இல்லை. "சட்டப்படி மைத்துனர் உறவினர் இல்லையே, சார்" என்றார். நிறுவனச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. கணக்கியல் தரநிலையைப் பொறுத்தவரை அடமானப் பத்திரம் அவருக்கு எதிராக இருந்தது.

இவ்வளவும், உறவு ஒன்று உண்மையிலேயே குடும்பத்தில் இருந்து, அழைப்பிதழில் அச்சாகவும் செய்தபோது. காகிதத்தில் முழு அந்நியராகவே இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். அதற்கு நம் நாட்டில் பொதுவெளியில் உள்ள நல்ல பாடம், ஃபோர்டிஸ் மருத்துவமனை நிறுவனம் தொடர்பாகப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2018 அக்டோபரில் பிறப்பித்த இடைக்கால ஆணை. அதில் செபி விவரித்த முறை இது: ஃபோர்டிஸின் துணை நிறுவனம் மூன்று கம்பெனிகளுக்கு வைப்புத்தொகை என்ற பெயரில் கடன் கொடுத்தது. ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் பணம் போனது. காலாண்டு முடியும்போது திரும்பி வந்தது. அடுத்த காலாண்டு பிறந்ததும் மறுபடி போனது. நிதிநிலை அறிக்கை காலாண்டின் கடைசி நாளை மட்டுமே படம்பிடிக்கிறது. அந்த ஒரு நாளில் கடன் இல்லை. ஆகவே அறிக்கையிலும் இல்லை. 2017-இன் நடுவில் கொடுத்த பணம் வழக்கம்போலத் திரும்பாதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பணம் இறுதியில் அப்போதைய புரமோட்டர்களான மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் ஆகியோரின் நலனுக்கே போய்ச் சேர்ந்ததாக முதல்நோக்கில் கருதிய செபி, வட்டியோடு ஏறத்தாழ 403 கோடி ரூபாயை மீட்கும்படி ஆணையிட்டது.

இந்த மாதிரியான கடனைக் கண்டுபிடிக்கும் வழி கடைசி நாளின் இருப்பைச் சரிபார்ப்பதில் இல்லை. அந்த இருப்பு உண்மையிலேயே பூஜ்யம். வங்கியும் அதையே சொல்லும். வழி, வட்டிக் கணக்கில் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் என்னுடையவை. ஒரு நிறுவனத்தின் நான்கு காலாண்டு அறிக்கைகளிலும் வெளியே கொடுத்த கடன் இல்லை. ஆனால் ஆண்டு வட்டி வருமானத்தில் 48 கோடி ரூபாய்க்கு விளக்கம் இல்லை. வட்டி விகிதம் 12 சதவீதம் என்றால், ஆண்டு முழுவதும் சராசரியாக 400 கோடி ரூபாய் எங்கோ வெளியே இருந்திருக்கிறது. வட்டி வருகிறது, அசல் கண்ணில் படவில்லை என்றால், அசல் படம்பிடிக்கும் நாளில் மட்டும் வீட்டுக்கு வந்து போகிறது என்று பொருள். வட்டியே வாங்காத கடனாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது வங்கி அறிக்கையில் காலாண்டின் கடைசி மூன்று நாள்களையும் அடுத்த காலாண்டின் முதல் மூன்று நாள்களையும் அருகருகே வைத்து, பெரிய தொகைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வந்த தொகையும் மறுபடி போன தொகையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

அதன் பின்னும் ஒரு கேள்வி மிஞ்சும். பணம் வாங்கிய கம்பெனி யாருடையது? அதன் பங்குதாரர் பட்டியலில் கேள்விப்படாத இரண்டு பெயர்கள் இருக்கும். நான் அப்போது பெயர்களை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் சொந்த ஆண்டறிக்கையைப் படிப்பேன். கட்டணம் செலுத்தினால் அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். பத்து லட்சம் ரூபாய் மூலதனமும், சொல்லும்படியான விற்பனையே இல்லாத கணக்கும் உள்ள ஒரு கம்பெனிக்கு நூறு கோடி கடன் கொடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கடனை நம்பிக் கொடுத்தவர் அந்தக் கம்பெனியை நம்பவில்லை; அதன் பின்னால் இருக்கும் ஒருவரை நம்புகிறார். வாங்கிய பணத்தை அது எங்கே வைத்திருக்கிறது என்பதும் அதே ஆண்டறிக்கையில் பெரும்பாலும் இருக்கும். செபியும் பிறகு விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல், காகிதத்தில் தொடர்பில்லாத ஒருவரோடு செய்த பரிவர்த்தனையாக இருந்தாலும், அதன் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்பினருக்கு நன்மை சேர்ப்பதானால், பட்டியலிடப்பட்ட நிறுவனம் அதைத் தொடர்புடைய தரப்பினர் பரிவர்த்தனையாகவே கொள்ள வேண்டும்.

உறவைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது எங்கள் தொழிலில் இளையவர்கள் செய்யும் தவறு. கண்டுபிடித்ததை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் அடுத்த மறைப்பு நிகழும். 2000-ஆம் ஆண்டுக்கான என்ரான் ஆண்டறிக்கையின் பதினாறாவது குறிப்பு இதற்கு உலகப்புகழ் பெற்ற சாட்சி. நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் நடத்தும் கூட்டாண்மைகளோடு பரிவர்த்தனைகள் நடந்தன என்று அது ஒப்புக்கொண்டது. அந்த அதிகாரி தலைமை நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவில்லை. தொடர்பில்லாதவர்களோடு பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிபந்தனைகளோடு ஒப்பிட இவை நியாயமானவையே என்றும் அந்தக் குறிப்பு சான்றிதழ் வழங்கியது. சில மாதங்களுக்குப் பிறகு, அவருக்கு அந்தக் கூட்டாண்மைகளிலிருந்து 3 கோடி டாலருக்கு மேல் கிடைத்ததை என்ரானே வெளியிட வேண்டிவந்தது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் பலருண்டு. படித்துப் புரிந்துகொண்டவர்கள் சிலரே. அது அதற்காகவே அப்படி எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே குறிப்பை இரு திசையில் சோதிக்கிறோம். குறிப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் பேரேட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். பேரேட்டில் அந்தத் தரப்பின் பெயரில் உள்ள ஒவ்வொரு பதிவும் குறிப்புக்கு வந்து சேர்ந்ததா என்று திரும்பவும் பார்க்கிறோம். முதல் சோதனை தவறான எண்ணைப் பிடிக்கும். விடுபட்ட எண்ணை இரண்டாவதுதான் பிடிக்கும். எதிர்த்தரப்பும் ஒரு கம்பெனியாக இருந்தால், அதன் ஆண்டறிக்கையில் நம் நிறுவனத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்ப்போம். இங்கே 40 கோடி, அங்கே 52 கோடி என்று நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். பணம் கைமாறாதவை அடிக்கடி விடுபடும். ஆலையின் குறிப்பில் விற்பனையும் வாடகையும் சேர்க்கப்பட்ட பிறகும் அடமானம் வரவில்லை. "அவர் நமக்குக் கொடுத்தது தானே, நாம் அவருக்குக் கொடுத்ததில்லையே" என்றார் கணக்காளர். ஆனால் அந்தப் பிணைதான் இந்த உறவின் வேர். அதைச் சொல்லாமல் மற்ற எண்களை மட்டும் சொன்னால், படிப்பவருக்கு ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

பெரிய வாக்குவாதம் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் நடந்தது. இந்தப் பரிவர்த்தனைகள் அனைத்தும் அந்நியர்களோடு செய்யும் நிபந்தனைகளிலேயே செய்யப்பட்டன என்று குறிப்பின் கடைசியில் ஒரு வாக்கியத்தை நிர்வாகம் சேர்த்திருந்தது. நாட்டில் பாதி ஆண்டறிக்கைகளில் இந்த வாக்கியம் ஒரு மங்கல முடிவுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அதை எழுதலாம் என்று தரநிலை 24 வெளிப்படையாகச் சொல்கிறது. நிர்வாகம் விலையைப் பற்றி வாதாடியது. மொத்தமாக எடுப்பவருக்குக் குறைப்பது இயல்பு என்றது. அது கேட்கத்தக்க வாதம். அப்படியானால் அதே அளவை எடுத்தால் அதே விலை தருகிறோம் என்று மற்ற இருவரிடமும் எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டோம். கடிதமோ மேற்கோள் விலையோ எதுவும் இல்லை. விலை என்பது நிபந்தனைகளில் ஒன்றுதான். நூறு நாள் கடனை வேறு யாருக்காவது கொடுத்தார்களா? பிணை வாங்கினார்களா? தாமதத்துக்கு வட்டி கேட்டார்களா? விலையைச் சந்தையோடு ஒப்பிட்டுக் காட்டுவது எளிது; மற்ற நிபந்தனைகளில்தான் உறவின் சூடு தெரியும். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. 9 கோடி விற்பனை, 2 கோடியே 40 லட்சம் பாக்கி, 18 லட்சம் வாடகை, கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட நிலம் ஆகிய நான்கும் ஒரே பெயருக்கு எதிரே அச்சாகின.

தணிக்கையாளருக்கு வீடு புகுந்து தேடும் அதிகாரம் இல்லை. பிறர் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது. வாய்மொழி உடன்பாடுகள் எங்கள் கண்ணில் படா. கார் ஓட்டுநரின் பெயரில் ஒரு கம்பெனி இருந்து, அது நல்ல விலைக்கு வாங்கி, குறித்த நாளில் பணமும் கட்டிவிட்டால், நாங்கள் அதைக் கடந்து போய்விடுவோம். அந்நியரைப் போலவே நடந்துகொள்ளும் உறவினரை எங்கள் முறை பிடிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்த உறவுகள் அனைத்தையும் சொல்லிவிட்டோம் என்று இறுதியில் நிர்வாகம் எழுதித்தரும் உறுதிமொழிக் கடிதம் சட்டத்துக்குத் தேவை. அதைச் சான்றாக எண்ணி நான் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

அடுத்த ஆண்டு அதே ஆலைக்குப் போனோம். மைத்துனரின் பாக்கி முழுவதும் வந்திருந்தது. வாடகை ஒப்பந்தம் முடிக்கப்பட்டிருந்தது. கழிவுப் பஞ்சு விற்பனையில் அவர் பெயரே இல்லை. அவருடைய இடத்தில் புதிதாக ஒருவர் வாங்கத் தொடங்கியிருந்தார். மாணவி அந்தப் புதியவரின் பாக்கிக் கணக்கை எடுத்து நாள்களை எண்ணினார், தொண்ணூற்றைந்து. ஜிஎஸ்டி எண்ணில் பான் பகுதியின் நான்காவது எழுத்து இந்த முறை F. கூட்டு வணிகம், பங்காளிகளின் இரு பெயர்களும் எங்களுக்குப் புதியவை. கூட்டாண்மைப் பத்திரத்தின் நகலைக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு, வங்கியின் புதிய அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்.